முதல் வாக்கியத்திலேயே சிரிக்க வைக்க வேண்டுமா?

"எந்தப் பேச்சையும் ஒரு ஜோக்கோடு தொடங்குங்கள். கூட்டம் உங்கள் கையில் வந்துவிடும்." இப்படிச் சொல்லிக் கொடுக்கிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. பள்ளி ஆண்டு விழா, அரிமா சங்கக் கூட்டம், வங்கியின் வாடிக்கையாளர் தினம், கோவில் திருப்பணிக் குழுக் கூட்டம், ஏன், படத்திறப்பு நிகழ்ச்சியில்கூட, மைக்கைப் பிடித்தவுடன் ஒரு துணுக்கு சொல்லாமல் இப்போது யாரும் பேசுவதில்லை. அந்தத் துணுக்கும் நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் நமக்கும் வந்ததாகவே இருக்கிறது.

இதற்கு ஐஸ் பிரேக்கர் என்று பெயராம். சித்திரை மாதத்தில் விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி வெளியே வருகிறவனுக்கு உடைக்க எந்தப் பனிக்கட்டி இருக்கிறது என்று தெரியவில்லை. பிரெஞ்சிலும் இதே சொல்வழக்கு உண்டு. குளிர் தேசத்தில் ஆறு உறைந்துபோனால் கப்பல் போக முன்னால் ஒரு கப்பல் பனியை உடைத்து வழி செய்யும். அதிலிருந்து வந்த சொல். அங்கேயும் முன்னால் போகிற கப்பலின் வேலை வழி செய்வதுதான், வாணவேடிக்கை காட்டுவது இல்லை. டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றம் உலகம் முழுவதும் இருக்கிறது. அதில் புதிதாகச் சேர்ந்தவர் பேசும் முதல் பேச்சுக்கே ஐஸ் பிரேக்கர் என்றுதான் பெயர். அதில் அவர் செய்ய வேண்டியது தன்னை அறிமுகப்படுத்திக் கொள்வது. ஜோக் சொல்வது கட்டாயமில்லை. நடுவில் யாரோ ஒரு பயிற்சியாளர் பெயரை மட்டும் எடுத்துக் கொண்டு உள்ளே துணுக்கை வைத்து விட்டார்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தமிழில் ஒழுங்காகக் கோப்பு எழுதக் கற்றதே அரசு வேலைக்கு வந்து, தலைமை எழுத்தரிடம் திட்டு வாங்கிய பிறகுதான். ஆனால் கட்டுரைக்கும் பேச்சுக்கும் தொடக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதை எங்கள் பிரெஞ்சு வாத்தியார் அடித்தே சொல்லிக் கொடுத்தார். தொடக்கத்துக்கு அவர்கள் 'எக்ஸோர்த்' என்பார்கள். குவிந்தில்லியன் என்ற ரோமானிய ஆசிரியர் 1,900 ஆண்டுகளுக்கு முன் எழுதி வைத்ததுதான் அடிப்படை. பேச்சின் தொடக்கம் மூன்று காரியம் செய்ய வேண்டும். கேட்பவனுக்குப் பேசுபவன் மேல் நல்லெண்ணம் வர வேண்டும். அவன் கவனம் திரும்ப வேண்டும். அடுத்து வருவதைக் கற்றுக் கொள்ள அவன் மனம் தயாராக வேண்டும். வாத்தியார் இந்த மூன்றையும் விரலில் எண்ணிக் காட்டுவார். முதல் விரல் இல்லாமல் மற்ற இரண்டும் நிற்காது என்பார்.

முதல் வாக்கிய ஜோக்கை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். நன்றாக விழுந்தால் கவனம் கிடைக்கும், அதாவது இரண்டாவது விரல். தவறாக விழுந்தால் முதல் விரலே போய்விடும். நல்லெண்ணம் போன பிறகு அரை மணி நேரம் என்ன பேசினாலும் சபை கணக்கில் ஏற்றாது. எங்கள் அலுவலக பாஷையில் சொன்னால், ஒப்புதல் ஆணை வருவதற்கு முன்பே எடுத்துச் செலவழித்த முன்பணம் அது. தணிக்கையில் மாட்டினால் திருப்பிக் கட்டுவதற்குப் பேசுபவனிடம் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் அவன் இன்னும் எதுவுமே பேசவில்லை.

நம் தமிழ் மேடையில் நகைச்சுவையே இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள். நம்முடைய பேச்சு விளியில் தொடங்கும். தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பெரியவர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய நண்பர் அவர்களே என்று ஆரம்பித்து, தாய்மார்களே என்று வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும். இளைஞர்கள் இதைக் கேலி செய்கிறார்கள். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் மூன்று வேலைகள் நடக்கின்றன. மைக்செட்காரர் சத்தத்தைச் சரி செய்கிறார். பின்வரிசையில் நாற்காலி இழுக்கும் சத்தம் ஓய்கிறது. பேசுபவரின் குரலுக்கும் முகத்துக்கும் சபை பழகுகிறது. முதல் இருபது விநாடியில் சொன்ன துணுக்கு பாதிப் பேருக்குக் காதில் விழாது. "என்ன சொன்னான்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள். அவர் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

பட்டிமன்ற நடுவர் எடுத்த எடுப்பில் சிரிக்க வைக்கிறாரே என்றால், அங்கே சபை நடுவரை ஏற்கெனவே அறியும். சாலமன் பாப்பையா வாயைத் திறந்தால் சிரிக்கலாம் என்று டிக்கெட் வாங்காமலேயே ஒப்பந்தம் போட்டுத்தான் ஜனங்கள் உட்காருகிறார்கள். நடுவர் கேலி செய்வதும் தன் அணிப் பேச்சாளர்களை. அவர்களுக்குப் பத்து நிமிடத்தில் மைக் கிடைக்கும், வட்டியோடு திருப்பித் தருவார்கள். கேலி செய்யப்பட்டவருக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு இருக்கிறது, அதுதான் அதன் நியாயம். இதைப் பார்த்துவிட்டு ஒருவர், பதில் பேச வழியில்லாத சபையிடம் அதே வேலையைக் காட்டினால் அது பட்டிமன்றம் ஆகாது.

வாரியார் சுவாமிகள் பேச்சைக் கேட்டவர்கள் நம்மில் பலர் இன்னும் இருக்கிறோம். அவர் சிரிக்க வைக்காத நாளில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு கதைக்குள்ளிருந்து வரும். முன்வரிசைக் குழந்தைகளிடம் ஒரு கேள்வி கேட்பார், குழந்தை சொல்லும் பதிலிலிருந்து வரும். வெளியிலிருந்து கொண்டுவந்து வாசலில் வைத்த துணுக்கு இல்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை பிறக்க நான்கு காரணம் சொல்லும்போது எள்ளலைத்தான் முதலில் வைக்கிறது. எள்ளல் என்றால் இகழ்ச்சி. சிரிப்பு என்றாலே யாரோ ஒருவர் கொஞ்சம் தாழ வேண்டியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஜோக்குக்கும் கேட்க வேண்டிய கேள்வி, இதில் தாழ்கிறவர் யார் என்பதுதான். பேசுபவரே தாழ்ந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மேடையில் இருக்கும் பெரிய மனிதர் தாழ்ந்தால் அவர் மனதைப் பொறுத்தது. சபை தாழ்ந்தால் தொலைந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் 17 அன்று நடந்ததைச் சொல்கிறேன். அந்த நாள் நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியும். 1982இல் உச்ச நீதிமன்றம் நகரா வழக்கில் தீர்ப்பு சொன்ன நாள், ஓய்வூதியர் தினம். நம் ஊர்க் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம். நல்ல படிப்பாளி, நல்ல குரல். மைக்கைப் பிடித்தார். முதல் வாக்கியமே இதுதான்: "போன வருஷம் பார்த்த முகங்கள் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிக் கொண்டிருந்தேன், ரெண்டு மூணு குறையுதே, ட்ரான்ஸ்ஃபரா?"

மேடையில் இருந்த நான்கு பேர் சிரித்தார்கள். கீழே பின்வரிசையில் கொஞ்சம் சிரிப்பு. முன்வரிசையில் பெண்கள் பக்கம் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் இறந்து நான்கு மாதம். குடும்ப ஓய்வூதியத்துக்கு யாரைப் பார்ப்பது, எந்தத் தாளில் கையெழுத்து என்று கேட்கத்தான் அன்றைக்கு முதல்முறையாகக் கூட்டத்துக்கு வந்திருந்தார். அவருடைய கணவர் முந்தின வருஷம் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தவர். அந்த அம்மா அழவில்லை, எழுந்து போகவும் இல்லை. கையிலிருந்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்து, வாய்ப்பக்கத்தை மடித்து மடித்து நீவிக் கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பேச்சாளரைப் பார்க்காமல் அவரையே பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

பேச்சாளர் அதன் பிறகு ஓய்வூதிய விதிகளைப் பற்றி மிகப் பயனுள்ள நாற்பது நிமிடப் பேச்சு பேசினார். குடும்ப ஓய்வூதியம் பற்றியும் விளக்கமாகச் சொன்னார். அந்த அம்மாவுக்குத் தேவையானது எல்லாம் அதில் இருந்தது. ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. மறு வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து, அதே விஷயத்தை முதலிலிருந்து கேட்டுத் தெரிந்து கொண்டார். முதல் விரல் போனால் மூன்றாவது நிற்காது என்று வாத்தியார் சொன்னது இதைத்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஜோக்கை நாங்களே தினமும் சொல்லிக் கொள்கிறோம். கருவூலத்தில் ஆண்டு நேர்காணலுக்கு வரிசையில் நிற்கும்போது, "நான் உயிரோடிருக்கிறேன் என்று நானே சொன்னால் நம்ப மாட்டானாம், தாள் சொன்னால்தான் நம்புவானாம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். "அடுத்த வருஷம் நீ வரலைன்னா உன் டோக்கன் எனக்கு" என்பார் இன்னொருவர். எல்லாரும் சிரிப்போம். சொல்கிறவரும் அதே வரிசையில் நிற்கிறார், அவருக்கும் அதே சீட்டுதான் கிழியப் போகிறது. வெளியிலிருந்து, அதுவும் நம்மைவிட இருபது வயது குறைந்தவர், மேடை உயரத்திலிருந்து சொன்னால் சொல் ஒன்றுதான், பொருள் வேறாகிறது.

இது சின்ன ஊர்ச் சமாச்சாரம், பெரிய இடத்தில் நடக்காது என்று நினைக்க வேண்டாம். முதல் வாக்கிய ஜோக்கால் ஒரு மனிதர் இரண்டு நாளில் எதை எதை இழக்கலாம் என்பதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. டிம் ஹன்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. உயிரணு இரண்டாகப் பிரியும்போது கூடியும் மறைந்தும் அதை நடத்தும் சைக்ளின் என்ற புரதங்களைக் கண்டுபிடித்தவர். அதற்காக 2001இல் மருத்துவ நோபல் பரிசை மூவராகப் பகிர்ந்து கொண்டார்கள், அதில் ஒருவர். 2015 ஜூன் மாதம் தென் கொரியாவின் சியோல் நகரில் அறிவியல் பத்திரிகையாளர்களின் உலக மாநாடு. அதில் பெண் விஞ்ஞானிகளுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் கொரியப் பெண் விஞ்ஞானிகள் அமைப்பு ஒரு மதிய விருந்து கொடுத்தது. அங்கே நாலு வார்த்தை பேசும்படி இவரைக் கேட்டார்கள். தயாரித்த பேச்சு இல்லை. அப்போது அவருக்கு வயது 72.

அவர் எழுந்து, என்னைப் போன்ற ஓர் ஆணாதிக்க அரக்கனைப் போய்ப் பெண் விஞ்ஞானிகள் மத்தியில் பேசக் கூப்பிட்டது விசித்திரம்தான் என்று தொடங்கினாராம். பிறகு, ஆய்வகத்தில் பெண்பிள்ளைகள் இருந்தால் மூன்று தொல்லை என்றார். நீ அவர்கள் மேல் காதல் கொள்வாய், அவர்கள் உன் மேல் காதல் கொள்வார்கள், குறை சொன்னால் அழுவார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி ஆய்வகம் வைத்துவிடலாமோ என்றும் சேர்த்தார். அதன்பின், இனி வேடிக்கை போதும் என்று சொல்லி, கொரியாவின் வளர்ச்சியில் பெண் விஞ்ஞானிகளின் பங்கைப் பாராட்டி, என்னைப் போன்ற அரக்கர்களையும் மீறி நீங்கள் அறிவியலில் தொடர வேண்டும் என்று முடித்தார். இந்தத் தொடக்கமும் முடிவும் பின்னால் ஓர் ஐரோப்பிய அதிகாரியின் குறிப்பு வெளியானபோது ஊருக்குத் தெரிந்தவை.

அன்றைக்கு வெளியே போனது நடுப்பகுதி மட்டும். விருந்தில் இருந்த ஒரு பத்திரிகையாளர் அந்த மூன்று தொல்லையை ட்விட்டரில் போட்டார். அங்கிருந்த வேறு இரண்டு பத்திரிகையாளர்களும் ஆமாம், அப்படித்தான் பேசினார் என்று சாட்சி சொன்னார்கள். மறுநாளைக்கு மறுநாள் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் கௌரவப் பேராசிரியர் பதவியிலிருந்து விலகினார். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் அறிவியல் குழுவிலிருந்தும் விலக வேண்டியதாயிற்று. அவர் விமானத்தில் திரும்பிக் கொண்டிருக்கும்போதே, அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த மனைவிக்குத் தொலைபேசி வந்து, அவர் விலகாவிட்டால் விலக்கப்படுவார் என்று சொன்னார்களாம். உலகம் முழுவதும் பெண் விஞ்ஞானிகள், சாணம் அள்ளும்போதும் முகமூடி போட்டு ஆய்வகத்தில் நிற்கும்போதும் எடுத்த படங்களைப் போட்டுத் திருப்பிக் கேலி செய்தார்கள். அந்த ஜோக்குகள் இவருடையதைவிட நன்றாக இருந்தன என்பது என் அபிப்பிராயம்.

அவர் நல்லவரா கெட்டவரா, தண்டனை அதிகமா சரியா என்று அப்போது பெரிய சண்டை நடந்தது. அவரிடம் பயின்ற பெண்கள் பலர் அவருக்காகப் பேசினார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்குப் பார்க்க வேண்டியது ஜோக்கின் கட்டுமானம்.

அவர் தன்னைத்தான் கேலி செய்து கொண்டதாக நினைத்தார். "என்னைப் போன்ற அரக்கன்" என்பது எப்போது வேடிக்கை ஆகும்? இவர் அரக்கன் இல்லை என்று சபைக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் ஆகும். அவருடைய ஆய்வகத்தில் பத்து வருஷம் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். அந்த விருந்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அவரை அன்றுதான் பார்க்கிறார்கள். பல நாட்டுக்காரர்கள், பலருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழி. குரல் வளைவில் ஒளிந்திருக்கும் கிண்டல் இரண்டாவது மொழிக்காரனுக்குக் கடைசியாகத்தான் எட்டும், எனக்குப் பிரெஞ்சுக்காரர்களிடம் எத்தனை முறை அப்படி ஆகியிருக்கிறது. சொல் முதலில் போய்ச் சேரும், தொனி பின்னால் நொண்டிக் கொண்டு வரும்.

இரண்டாவது, தாழ்கிறவர் யார் என்ற கேள்வி. முதல் வாக்கியத்தில் அவர் தாழ்ந்தார். அடுத்த வாக்கியத்திலேயே அழுகிறவர்கள் பெண்களாகி விட்டார்கள். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்களும், விருந்து கொடுத்தவர்களும் அவர்கள்தான். ஆய்வகத்தில் பெண்ணை எடுத்தால் தொல்லை என்று உண்மையிலேயே நினைக்கிற தலைவரிடம் வேலை கேட்டு நின்றவர்கள் அந்த மேசைகளில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அது துணுக்கு இல்லை, நேர்முகத் தேர்வில் கேட்ட பேச்சு.

மூன்றாவது, இனி வேடிக்கை போதும் என்ற பலகை ஜோக்குக்குப் பின்னால் இருந்தது. பின்னால் வைத்த பலகையை முன்னால் போகிறவன் படிக்க முடியாது. யார் எடுத்துச் சொன்னாலும் சூடான பகுதியைத்தான் எடுப்பார்கள். அது பத்திரிகைக்காரரின் குணம் மட்டுமில்லை, திண்ணையில் சொல்கிற நம் குணமும்தான். சபை சிரித்ததா இல்லையா என்பதே பின்னால் தகராறு ஆயிற்று. ஒருவர் கல் மாதிரி அமைதி என்றார். சில விநாடிகள் மட்டுமே ஓடும் ஓர் ஒலிப்பதிவு சில வாரம் கழித்து வந்தது, அதில் சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னைக் கேட்டால் இரண்டும் உண்மையாக இருக்கலாம். எங்கள் ஓய்வூதியர் தினத்திலும் மேடை சிரித்தது, முன்வரிசை சிரிக்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவி சிரித்தவர்களை மட்டும்தான் பதிவு செய்யும்.

பிறகு மன்னிப்பு. பி.பி.சி. வானொலிக்குத் தொலைபேசியில் பேசும்போது, சொன்னதற்கு மிகவும் வருந்துகிறேன் என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆய்வகத்தில் காதல் வந்தால் வேலை கெடுகிறது என்ற பகுதியை மட்டும் நிஜமாகத்தான் சொன்னேன், எனக்கே அப்படி நடந்திருக்கிறது என்றும் விளக்கினார். ஜோக் என்று சொல்லித் தப்பிக்க இருந்த ஒரே கதவையும் அவரே சாத்தினார். முதலில் பாதி ஜோக், பாதி நிஜம் என்றால் எந்தப் பாதி எது என்று சபை எப்படிப் பிரிக்கும்? சொன்னவரே இரண்டு நாள் கழித்துத்தானே பிரித்தார்.

(மேடை வேடிக்கையால் பதவி போனதை 2025 ஏப்ரலில் நம் மாநிலத்திலும் பார்த்தோம். அது பேச்சின் தொடக்கமில்லை என்பதால் இந்தக் கோப்பில் சேர்க்கவில்லை.)

ஒரு வாசகர் கேட்பார், அப்படியானால் முதல் வாக்கியத்தில் யாருமே வெற்றி பெற்றதில்லையா என்று. பெற்றிருக்கிறார்கள். 1961இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி மனைவியோடு பாரிஸ் போனார். பாரிஸ் ஜனங்கள் ஜனாதிபதியை விட்டுவிட்டு அந்த அம்மாவையே பார்த்தார்கள். ஜாக்குலின் மாணவியாக இருந்தபோது பாரிஸில் படித்தவர், பிரெஞ்சு நன்றாகப் பேசுவார். ஜூன் 2ஆம் தேதி பலே த ஷாயோ மாளிகையில் பத்திரிகையாளர் விருந்து. கென்னடி எழுந்து, என்னை அறிமுகப்படுத்திக் கொள்வது பொருத்தம் என்று நினைக்கிறேன், ஜாக்குலின் கென்னடியோடு பாரிஸுக்குத் துணைக்கு வந்தவன் நான்தான் என்ற அர்த்தத்தில் தொடங்கினார். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். எங்கள் வாத்தியார் அதை வகுப்பில் சொல்லிச் சிரித்ததும், எங்களுக்குப் புரியாமலே நாங்களும் சிரித்ததும் நினைவிருக்கிறது.

ஹன்ட் பேச்சோடு இதை ஒட்டி வைத்துப் பாருங்கள். தாழ்கிறவர் பேசுபவர் ஒருவர்தான், அதுவும் உலகத்தின் மிகப் பெரிய நாற்காலியிலிருந்து தாழ்கிறார். அவர் உண்மையில் யார் என்று தெரியாத ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. ஜோக்குக்கு வேண்டிய செய்தியை மூன்று நாளாகப் பாரிஸ் முழுவதும் கண்ணால் பார்த்திருந்தது, விளக்கத் தேவையில்லை. உயர்கிறவர் சபை விரும்புகிற ஒருவர். ஒரே வாக்கியம், உடனே விஷயத்துக்குப் போய்விட்டார். இத்தனையும் பொருந்தி வருவது எத்தனை நாளைக்கு ஒருமுறை? நம் பேச்சாளர்கள் வாரத்துக்கு மூன்று மேடை ஏறுகிறார்கள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வெளியூரிலிருந்து வருகிற பேச்சாளர்களில் பாதிப் பேர் நம் ஊர்ப் பெயரை வைத்துத் தொடங்குகிறார்கள். விருத்தம் என்றால் கிழம், அதனால் இது கிழட்டு மலை, நீங்கள் எல்லாம் இளமையாக இருக்கிறீர்களே என்பார்கள். அல்லது பீங்கான் ஊர், பார்த்துப் பேச வேண்டும், உடைந்துவிடுவீர்கள் என்பார்கள். இதில் காயம் ஒன்றும் இல்லை, ஆனால் முப்பது வருஷமாகக் கேட்கிறோம். காயப்படுத்தாத ஜோக்கும் நஷ்டம் செய்யும். இந்த மனிதர் இங்கே வருவதற்கு முன் நம்மைப் பற்றி ஐந்து நிமிடம்தான் யோசித்திருக்கிறார் என்று அது சபைக்குச் சொல்லிவிடுகிறது.

ஜோக் தவறாக விழுந்ததைப் பேசுபவர் எப்படித் தெரிந்து கொள்வது? சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். மேடையும் பின்வரிசையும் மட்டும் சிரித்தால் ஆபத்து. கண்கள் உங்களை விட்டு வேறு ஒருவர் பக்கம் திரும்பினால், அங்கே யாருக்கோ பட்டுவிட்டது. அந்த நேரத்தில் "சும்மா தமாஷுக்குச் சொன்னேன்" என்பது மிக மோசமான வழி, அடிபட்டவரே தப்பு என்று அது சொல்லும். இன்னொரு ஜோக் போட்டு முதல் ஜோக்கை மூடப் பார்ப்பது அதைவிட மோசம். வெறுமனே சிரிப்பு வராமல் போனால் ஒன்றும் செய்ய வேண்டாம், அடுத்த வாக்கியத்தில் விஷயத்துக்குப் போய்விடலாம், சபை மறந்துவிடும். யாருக்கோ பட்டிருந்தால், நான் சொன்னது தவறு, மன்னியுங்கள் என்று ஒரே வாக்கியம். "யார் மனதாவது புண்பட்டிருந்தால்" என்ற நிபந்தனை வேண்டாம். புண்பட்டவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது 'இருந்தால்' எதற்கு?

இங்கே பீங்கான் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். சரியாகக் காயாத பச்சைப் பாண்டத்தைச் சூளையில் வைத்துச் சட்டென்று சூடேற்றினால், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் பாண்டம் வெடிக்கும். அதனால் முதலில் மெதுவாக, ஈரம் போகிற வரைக்கும் பொறுமையாகச் சூடேற்றுவார்கள். மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, ஜோக் இல்லாமல் எப்படித்தான் தொடங்குவது? நான் பார்த்த நல்ல தொடக்கம் ஒன்று. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பீங்கான் பற்றிப் பேச ஓர் ஓய்வுபெற்ற தொழில்நுட்பக்காரர் வந்தார். மைக்கில் அவர் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு டீக் கோப்பைகளை எடுத்தார். ஒன்றை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பேனாவால் தட்டினார், கோவில் மணி மாதிரி ணங் என்றது. மற்றதைத் தட்டினார், டொக் என்றது. "இதுல ஒண்ணு விரிசல் விட்டது. கண்ணுக்குத் தெரியாது. எதுன்னு கேட்டவங்க கை தூக்குங்க" என்றார். இருநூறு கைகள் உயர்ந்தன. பிறகு முன்வரிசைப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுக் கோப்பையில் விரிசலைத் தேடச் சொன்னார். அவன் கண்ணுக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் ரகசியம் கேட்பவன் போல அதைக் காதில் வைத்துக் கொண்டான். அப்போதுதான் சபை சிரித்தது. அவனும் சிரித்தான்.